கார்டில் நீங்கள் செய்யாத செலவு: எந்தத் தேதியில் சொன்னீர்கள் என்பதே வழக்கு

கேள்வி: 2025 ஜூன் 13, வெள்ளிக்கிழமை இரவு 11.40 மணிக்கு என் கிரெடிட் கார்டில் அடுத்தடுத்து மூன்று செலவுகள் நடந்ததாக எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறது. ரூ. 4,999, ரூ. 18,400, ரூ. 42,000. மூன்றும் ஏதோ வெளிநாட்டு இணையதளம். ஓ.டி.பி. எதுவும் வரவில்லை, யாரிடமும் எதையும் சொல்லவும் இல்லை. தூங்கிவிட்டதால் சனிக்கிழமை காலைதான் பார்த்தேன். உடனே வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் பேசி கார்டை பிளாக் செய்தேன். "கிளையில் எழுதிக் கொடுங்க" என்றார்கள். வேலையில் விடுப்பு கிடைக்காமல் 19-ஆம் தேதி வியாழக்கிழமைதான் கொடுக்க முடிந்தது. இப்போது வங்கி, "தாமதமாகப் புகார் செய்துள்ளீர்கள், கார்டு விவரங்களை நீங்களே பகிர்ந்திருக்கலாம், முழுத் தொகையையும் கட்டுங்கள்" என்று பதில் அனுப்பியிருக்கிறது. கார்டு வரம்பு 2 லட்சம். நான் கட்டத்தான் வேண்டுமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: நீங்கள் சொல்லியிருப்பதை வைத்துப் பார்த்தால் ஒரு ரூபாய்கூட கட்ட வேண்டியதில்லை. வங்கி வியாழக்கிழமையிலிருந்து கணக்குப் போடுகிறது. சட்டப்படி பார்க்க வேண்டியது சனிக்கிழமை காலை நீங்கள் பேசிய அந்த போன் அழைப்பை.

இந்தச் செலவுகள் நடந்த 2025 ஜூனில் இந்த விஷயத்தில் அடிப்படை விதியாக இருந்தது, ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை. வாடிக்கையாளர் அனுமதிக்காத மின்னணுப் பரிவர்த்தனையில் யார் எவ்வளவு நஷ்டம் ஏற்க வேண்டும் என்று அது சொல்கிறது. தவறு வங்கியுடையது என்றால் நீங்கள் எப்போது சொன்னாலும் பொறுப்பு வங்கிக்கே. தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, நடுவில் வேறெங்கோ விவரம் கசிந்திருக்கிறது என்றால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்கள் பொறுப்பு பூஜ்யம். உங்கள் வழக்கு இந்த இரண்டாவது வகையில் வருகிறது.

நாள் எண்ணுவதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். தகவல் வந்த நாளைச் சேர்க்கக் கூடாது. உங்கள் கணக்கு இருக்கும் கிளையின் வேலை நாள்களை மட்டும்தான் எண்ண வேண்டும். எஸ்.எம்.எஸ். வந்தது 13-ஆம் தேதி, அது கணக்கில் இல்லை. 14-ஆம் தேதி இரண்டாவது சனிக்கிழமை, விடுமுறை. 15 ஞாயிறு. ஆகவே முதல் வேலை நாள் 16 திங்கள், இரண்டாவது 17, மூன்றாவது 18 புதன். நீங்கள் 14-ஆம் தேதியே பேசிவிட்டீர்கள் என்றால், கடிகாரம் ஓடத் தொடங்கும் முன்னரே சொல்லிவிட்டீர்கள் என்று பொருள்.

"போனில் சொன்னது செல்லாது, எழுத்தில் வேண்டும்" என்ற வாதத்துக்கு அந்தச் சுற்றறிக்கையிலேயே மறுப்பு இருக்கிறது. போன் பேங்கிங், எஸ்.எம்.எஸ்., மின்னஞ்சல், ஐ.வி.ஆர்., கட்டணமில்லா உதவி எண், இணையதளம், கிளை என்று பல வழிகளில், 24 மணி நேரமும் புகார் சொல்ல வங்கி வசதி செய்து தர வேண்டும். புகார் வந்தவுடன் எண்ணோடு உடனடி ஒப்புகையும் தர வேண்டும். கிளைக்குப் போய்த்தான் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை அதில் கிடையாது. எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் பணம் திரும்பும் என்பதும் அதில் இல்லை.

ஆனால் ஒரு சிக்கலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கார்டை பிளாக் செய்வது வேறு, "இந்தச் செலவு நான் செய்யவில்லை" என்று புகார் பதிவது வேறு. வாடிக்கையாளர் சேவையில் பேசுபவர் பெரும்பாலும் முதலாவதை மட்டும் செய்துவிட்டு முடித்துக்கொள்வார். பிறகு வங்கியின் பதிவேட்டில் "கார்டு தொலைந்தது, பிளாக்" என்று மட்டும் இருக்கும். நாளைக்கு வங்கி இதைத்தான் உங்கள் மேல் நீட்டும். உங்கள் கையில் இருக்கும் ஆதாரங்கள் இரண்டு. ஒன்று, சனிக்கிழமை காலை அழைப்பின் நேரமும் நிமிடக் கணக்கும் இருக்கும் போன் பதிவு. அதை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பழைய அழைப்புகள் போனிலிருந்து தானாக அழிந்துபோகும். இரண்டு, பிளாக் ஆனதும் வந்த எஸ்.எம்.எஸ். வங்கியிடம் அந்த உரையாடலின் ஒலிப்பதிவையும் கேளுங்கள். கடிதத்தில் இந்த வரிகளைச் சேருங்கள்: "14.06.2025 காலை தங்கள் உதவி எண்ணில் பேசியபோது, மேற்கண்ட மூன்று பரிவர்த்தனைகளும் என்னால் செய்யப்பட்டவை அல்ல என்று தெரிவித்தேன். அந்த அழைப்பின் ஒலிப்பதிவைப் பாதுகாத்து, நகல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். 14.06.2025-ஐயே புகார் தேதியாகக் கொள்ள வேண்டும்."

ஒருவேளை அந்த ஒலிப்பதிவில் நீங்கள் பிளாக் செய்யச் சொன்னது மட்டுமே இருந்து, வியாழக்கிழமை கடிதம்தான் முதல் புகார் என்று முடிவானால்கூட வங்கி கேட்கும் முழுத்தொகை வராது. 19-ஆம் தேதி நான்காவது வேலை நாள். நான்கு முதல் ஏழு வேலை நாளுக்குள் சொன்னால் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. 5 லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கும் சாதாரண சேமிப்புக் கணக்குக்கும் அது ரூ. 10,000. 5 லட்சத்துக்கு மேற்பட்ட கார்டுக்கு ரூ. 25,000. அடிப்படை சேமிப்புக் கணக்குக்கு ரூ. 5,000. செலவுத் தொகை, உச்சவரம்பு இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் பொறுப்பு.

உங்கள் கார்டுக்கு அப்படிப் போட்டால் முதல் செலவு ரூ. 4,999 வரம்புக்குள் இருப்பதால் முழுவதும் உங்களுக்கு. இரண்டாவதில் ரூ. 10,000, மூன்றாவதில் ரூ. 10,000. ஆக ரூ. 24,999. மொத்தம் போன ரூ. 65,399-இல் மீதி ரூ. 40,400-ஐ வங்கி ஏற்க வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பத்தாயிரம்தான் என்று நினைக்க வேண்டாம், வரம்பு ஒவ்வொரு செலவுக்கும் தனித்தனி. புதன்கிழமைக்கும் வியாழக்கிழமைக்கும் நடுவே உள்ள ஒரே நாளின் விலை அந்த ரூ. 24,999. ஏழு வேலை நாளைத் தாண்டிவிட்டால் அந்த வங்கியின் இயக்குநர் குழு வகுத்த கொள்கைதான் பேசும், அதில் உங்களுக்குச் சாதகம் இருக்கும் என்று நம்பி உட்கார முடியாது.

அடுத்து, "நீங்களே பகிர்ந்திருக்கலாம்" என்ற வரி. வாடிக்கையாளரின் பொறுப்பை நிரூபிக்கும் சுமை வங்கியின் மேல் என்று அதே சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது. "இருக்கலாம்" என்பது நிரூபணம் ஆகாது. இந்தியாவில் இணையத்தில் கார்டைப் பயன்படுத்தினால் வழக்கமாக ஓ.டி.பி. கேட்கும். பல வெளிநாட்டுத் தளங்கள் கார்டு எண், காலாவதி தேதி, பின்புறமுள்ள மூன்று இலக்கம் இருந்தாலே பணத்தை எடுத்துவிடும். அந்த எண்கள் எங்கோ ஒரு கடையின் சர்வரிலிருந்து கசிந்திருக்க முடியும். ஆகவே வங்கியிடம் குறிப்பாகக் கேளுங்கள்: மூன்று செலவுக்கும் ஓ.டி.பி. அனுப்பப்பட்டதா, எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு, வணிகரின் பெயரும் நாடும் என்ன. கூடவே என் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு எப்போது, யாரால் திறக்கப்பட்டது என்றும் கேளுங்கள். 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி இட்ட உத்தரவின்படி புதிதாகத் தரப்படும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே இருக்க வேண்டும், வாடிக்கையாளர் கேட்டால்தான் திறக்க வேண்டும். நீங்கள் திறக்காமலே அது திறந்திருந்தால் தவறு வங்கியுடையது. அப்படியானால் நாள் கணக்கே தேவைப்படாது.

ஓ.டி.பி.யைச் சொல்லிவிட்டவர்களுக்கு இதே விதி வேறு மாதிரி வேலை செய்யும், உங்களுக்கு அந்த நிலை இல்லை என்றாலும் வீட்டில் மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். விவரத்தைப் பகிர்ந்த அலட்சியம் நிரூபணமானால், புகார் சொல்லும் நொடி வரை போன பணம் வாடிக்கையாளருடையது. சொன்ன பிறகு போவது முழுவதும் வங்கியுடையது. மோசடிக்காரன் பத்துப் பத்தாயிரமாக எடுத்துக்கொண்டிருக்கும்போது, மகனிடம் கேட்டுவிட்டுப் பேசலாம் என்று அரைமணி நேரம் காத்திருந்தால் அந்த அரைமணியின் நஷ்டம் முழுக்க நம் தலையில். வெட்கப்பட்டுத் தாமதிப்பவர்கள்தான் இதில் அதிகம் இழக்கிறார்கள். உடனே சொன்னவருக்கு நீதிமன்றமும் துணை நின்றிருக்கிறது. இணைய மோசடியில் ரூ. 94,204 இழந்து, 24 மணி நேரத்துக்குள் வங்கிக்குச் சொன்ன ஒருவருக்குப் பணத்தைத் தர வேண்டும் என்ற குவாஹாட்டி உயர் நீதிமன்றத் தீர்ப்பை, 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இனி உங்கள் பில். புகார் வந்த 10 வேலை நாளுக்குள், காப்பீட்டுத் தொகை வரும் வரை காத்திராமல், அந்தத் தொகையை வங்கி உங்கள் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 14-ஆம் தேதியைப் புகார் நாளாகக் கொண்டால் ஜூன் 26-க்குள் நடந்திருக்க வேண்டும். 90 நாளுக்குள், அதாவது செப்டம்பர் 12-க்குள் இறுதி முடிவும் வர வேண்டும், முடியாவிட்டால் விதிப்படியான தொகையை வங்கி கொடுத்தாக வேண்டும். மோசடி என்று நீங்கள் மறுத்திருக்கும் தொகைக்கு, முடிவு வரும் வரை வட்டியோ தாமதக் கட்டணமோ போடக் கூடாது.

ஆனால் கோபத்தில் பில் முழுவதையும் கட்டாமல் விடாதீர்கள். ரூ. 65,399 போக, நீங்கள் உண்மையில் செய்த செலவை கெடு தேதிக்குள் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நியாயமான செலவுக்கும் வட்டி ஏறி, வழக்கு குழம்பும். சேமிப்புக் கணக்கிலிருந்து பில்லைத் தானாகக் கழிக்கும் ஆட்டோ டெபிட் இருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள், இல்லையேல் மறுத்த தொகையும் சேர்ந்து போய்விடும். "சுமையாக இருந்தால் இ.எம்.ஐ.யாக மாற்றிக்கொள்ளுங்கள் மேடம்" என்று யாராவது அழைத்தால் ஒப்புக்கொள்ளவே கூடாது. மாற்றினால் செலவை நீங்களே ஏற்றுக்கொண்டதாக வாதம் வரும்.

1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் cybercrime.gov.in தளத்திலும் இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் செய்துவிடுங்கள். பணம் கை மாறும் முன் தடுப்பதுதான் அதன் முதல் பயன். அந்த வாய்ப்பு உங்களுக்குக் கடந்துவிட்டது, ஆனாலும் புகார் எண் ஓர் ஆதாரமாகும். அதற்காக வங்கியிடம் சொல்வதைத் தள்ளிப் போடக் கூடாது, நாள் கணக்கில் பார்ப்பது வங்கிக்குச் சொன்ன தேதியைத்தான்.

வங்கி மறுத்து எழுதிவிட்டதால் நீங்கள் இனி 30 நாள் காத்திருக்கத் தேவையில்லை. பதில் வராதவர்களுக்குத்தான் அந்தக் காத்திருப்பு. cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யுங்கள். வழக்கறிஞர் வேண்டாம், நீங்களே செய்யலாம். மூன்று எஸ்.எம்.எஸ்., போன் பதிவு, 19-ஆம் தேதிக் கடிதத்தின் முத்திரையிட்ட நகல், வங்கியின் பதில், இவற்றைத் தேதி வரிசையில் இணையுங்கள். முதல் பத்தியிலேயே 13-ஆம் தேதி இரவு தகவல், 14-ஆம் தேதி காலை புகார் என்ற இரு வரியை எழுதிவிடுங்கள். அங்கு நிலுவையில் இருக்கும்போது நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குத் தொடுக்க வேண்டாம், முதலில் இதன் முடிவைப் பார்த்துவிட்டு அங்கே போகலாம். நுகர்வோர் வழக்குக்கு 2 ஆண்டு காலவரம்பு இருக்கிறது.