வாட்ஸ்அப் வருகிறது, ஓடிபி மட்டும் வரவில்லை

கேள்வி: நான் கோத்தகிரி பக்கம் சின்னத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். மூன்று மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று மெல்போர்னில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். பேங்கில் என் இந்திய நம்பர் மட்டும்தான் இருக்கிறது. அந்த சிம்மும் இதே போனில்தான் இருக்கிறது. மகள் இங்குள்ள சிம் ஒன்றையும் போட்டுக் கொடுத்திருக்கிறாள். வாட்ஸ்அப் நன்றாக வருகிறது, ஓடிபி மட்டும் வரவே இல்லை. இலை பறிப்பவர்களுக்கு சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டும். மேஸ்திரியின் புதுக் கணக்கைச் சேர்க்கப் போனால் ஓடிபி கேட்கிறது. என்ன செய்வது?

பதில்:

வாட்ஸ்அப் வருகிறது என்பதை வைத்து உங்கள் இந்திய நம்பர் உயிரோடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாட்ஸ்அப் இன்டர்நெட் வழியாக வருகிறது. மகள் வீட்டு வைஃபையே அதற்குப் போதும், சிம் செத்திருந்தாலும் வரும். ஓடிபி சாதாரண எஸ்எம்எஸ். அது வர வேண்டுமானால் உங்கள் இந்திய சிம் அங்குள்ள ஏதாவது ஒரு டவரில் போய் "நான் இங்கே இருக்கிறேன்" என்று பதிந்திருக்க வேண்டும்.

நம் ஊரிலேயே இதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சு மூடி மழையும் பிடித்துக்கொண்டால் வீட்டுக்குள் டவர் போய்விடும். மேலே ரோட்டு வளைவுக்கு ஏறினதும் காலையில் வர வேண்டிய மெசேஜ் நாலைந்து ஒன்றாக வந்து விழும். அதுவரை அவை உங்கள் செல்போன் நிறுவனத்தின் மெசேஜ் நிலையத்தில் காத்திருக்கும். அந்த நிலையம் அனுப்புவதற்கு முன்னால் இந்த நம்பர் இப்போது எந்த டவரின் கீழ் இருக்கிறது என்று விசாரிக்கும். எங்கேயும் இல்லை என்று பதில் வந்தால் வைத்திருந்து, விட்டுவிட்டு முயற்சி செய்யும். மெல்போர்னிலும் நடப்பது இதேதான். மற்ற மெசேஜ் ஒரு மணி நேரம் கழித்து வந்தாலும் பரவாயில்லை. ஓடிபியின் ஆயுள் சில நிமிடங்கள்தான்.

இப்போது போனில் சிம் செட்டிங்கைத் திறந்து இந்திய சிம் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். பில் ஏறிவிடும் என்ற பயத்தில் பலர் வெளிநாடு வந்ததும் அந்த சிம்மையே ஆஃப் செய்துவிடுகிறார்கள். பில் ஏற்றுவது பெரும்பாலும் டேட்டாவும் கால்களும்தான். அதனால் சிம்மை ஆனில் வையுங்கள், அதற்கான `Data Roaming` மட்டும் ஆஃபில் இருக்கட்டும். எஸ்எம்எஸ் வர டேட்டா தேவையே இல்லை. ரோமிங்கில் எஸ்எம்எஸ் பெறுவதற்கு நம் நிறுவனங்கள் பொதுவாகக் காசு பிடிப்பதில்லை. அனுப்பினால் பிடிக்கும், ரோமிங் பேக் இல்லாமல் கால் எடுத்துப் பேசினாலும் பிடிக்கும். அந்த நம்பருக்குக் கால் வந்தால் அடித்து ஓயட்டும், நீங்கள் வாட்ஸ்அப்பில் திருப்பிக் கூப்பிடுங்கள்.

சிம் ஆனில் இருந்தும் அதன் கட்டத்தில் `No Service` அல்லது `Emergency calls only` என்று காட்டினால் சர்வதேச ரோமிங் திறக்கப்படவில்லை என்று சந்தேகப்படலாம். கிளம்புவதற்கு முன் யாரும் அதைத் தொடவில்லை என்றால் அநேகமாக இதுதான் உங்கள் கதை. உங்கள் செல்போன் நிறுவனத்தின் ஆப் போனில் ஏற்கனவே லாகின் ஆகி இருந்தால் அதிலேயே திறந்துவிடலாம். லாகின் இல்லையென்றால் அந்த ஆப்பும் ஓடிபி கேட்கும். இங்கேதான் நிறைய பேர் முட்டுச்சந்தில் நிற்பது போல நின்றுவிடுகிறார்கள். பிரீபெய்டு சிம் என்றால் வழி இருக்கிறது. ரீசார்ஜ் யார் வேண்டுமானாலும் எங்கிருந்தும் செய்யலாம். கோத்தகிரியில் இருக்கும் தம்பியோ மகனோ உங்கள் நம்பருக்கு சர்வதேச ரோமிங் பேக் ஒன்றைப் போட்டால், பெரும்பாலும் அதோடு ரோமிங்கும் திறந்துவிடும். பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பேக்கின் நாட்டுப் பட்டியலில் ஆஸ்திரேலியா இருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் போனை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்.

ஆஸ்திரேலியாவில் 2024-லேயே 3ஜியை மூடிவிட்டார்கள். அதனால் இந்திய சிம்முக்கான நெட்வொர்க் வகை 4ஜியில் இருக்க வேண்டும், 4ஜி வழியாகவே கால் பேச வைக்கும் `VoLTE` அதில் ஆனில் இருக்க வேண்டும். பழைய 3ஜி போனில் போட்டால் சிம் நல்லதாக இருந்தாலும் டவர் பிடிக்காது.

டவர் காட்டியும் ஓடிபி வராமல் இருக்கலாம். என் பெரியம்மாவுக்கு அப்படித்தான் ஆனது. குன்னூரிலிருந்து மெல்போர்னுக்கே போனவர். அவர் போனில் ஒரு சிம் போடத்தான் இடம், மருமகன் உள்ளூர் சிம்மைப் போட்டுவிட்டு இந்திய சிம்மை டிஷ்யூ காகிதத்தில் சுற்றிப் பர்சில் வைத்திருந்தார். நான் சொன்ன பிறகு வீட்டில் சும்மா கிடந்த இன்னொரு 4ஜி போனில் போட்டார்கள். குன்னூரிலிருந்து நான் பேக் போட்டேன். மூன்று கோடு டவர் வந்தது, ஓடிபி வரவில்லை. பெரியம்மா விடாமல் நான்கு தடவை "மறுபடி அனுப்பு" பட்டனை அழுத்தியிருக்கிறார்.

நான் அவரை நிறுத்தச் சொல்லிவிட்டு, என் போனிலிருந்து அவர் இந்திய நம்பருக்கு "சாப்பிட்டாச்சா" என்று ஒரு சாதாரண எஸ்எம்எஸ் அனுப்பினேன். பேங்கை விட்டுவிட்டுச் செய்ய வேண்டிய சோதனை இது. அதுவும் போகவில்லை. அப்படியானால் கோளாறு பேங்கில் இல்லை, வழியில்தான். சிம் செட்டிங்கில் நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுப்பதை ஆஃப் செய்தால் அந்த ஊர் நெட்வொர்க்குகளின் பட்டியல் வரும்; அங்கே `Telstra`, `Optus`, `Vodafone` என்று இருக்கும். போன் பிடித்திருந்த நெட்வொர்க்கை விட்டு வேறொன்றைத் தொடச் சொன்னேன். ஒன்று மறுத்தது, அடுத்தது ஏற்றுக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் "சாப்பிட்டாச்சா" வந்தது, பின்னாலேயே நான்கு ஓடிபியும் வரிசை மாறி வந்து கொட்டின. மேலே இருந்ததைப் பெரியம்மா அவசரமாக அடித்தார். அது இரண்டாவதாகக் கேட்டது. புதிய ஓடிபி கேட்டதும் பழையது செல்லாமல் போய்விடும். தப்பாக மூன்று முறை அடித்து அன்றைக்குக் கணக்கு பூட்டிக்கொண்டது. மறுநாள் காலை ஒரே ஒரு தடவை கேட்டார், உடனே வந்தது, வேலை முடிந்தது.

நீங்களும் சாதாரண எஸ்எம்எஸ் வந்து சேரும்வரை பேங்க் பக்கம் போகாதீர்கள். அது வந்தும் ஓடிபி வரவில்லை என்றால்தான் பேங்கைப் பார்க்க வேண்டும். மெசேஜ் ஆப்பில் ஸ்பேம் என்று தனியாக ஒரு பெட்டி இருக்கும், முதலில் அதைத் திறந்து பாருங்கள். அப்புறம் ஓடிபி கேட்கும் பக்கத்தில் நம்பரின் கடைசி இலக்கங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள், பல பேங்குகளில் தெரியும். கணவரோடு சேர்ந்த கணக்கு என்றால் அங்கே பதிந்திருப்பது அவர் நம்பராக இருக்கலாம். அந்த ஓடிபி இவ்வளவு நாளும் கோத்தகிரி வீட்டு அலமாரியில் கிடக்கும் அவர் போனுக்கு ஒழுங்காக வந்து சேர்ந்துகொண்டிருக்கலாம்.

அங்கிருந்தே மகளின் ஆஸ்திரேலிய நம்பரைப் பேங்கில் சேர்க்கலாமா என்று யோசிப்பீர்கள். வெளிநாட்டு நம்பர் பதியும் வசதி பெரும்பாலும் வெளிநாட்டில் குடியிருப்பவர்கள் வைத்திருக்கும் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளுக்குத்தான். மூன்று மாதம் பார்க்க வந்தவர் அதில் வர மாட்டார். நீங்கள் கேட்க வேண்டியது ஈமெயில் ஓடிபி. சில பேங்குகள் எஸ்எம்எஸ்ஸோடு பதிந்திருக்கும் ஈமெயிலுக்கும் அனுப்புகின்றன, சிலவற்றில் நெட்பேங்கிங் செட்டிங்கில் அதை நாமே தேர்வு செய்ய வேண்டும். ஸ்டேட் பேங்க் போன்றவை ஓடிபியை போனிலேயே உருவாக்கித் தரும் தனி ஆப் வைத்திருக்கின்றன. ஆனால் அதைத் தொடங்கி வைக்கவும் ஒரு தடவை பதிந்த நம்பர் வேலை செய்தாக வேண்டும். அதனால் சிம் உயிர் பெற்ற அன்றே, மேஸ்திரி வேலை முடிந்த கையோடு, இந்த இரண்டில் ஒன்றைச் செய்து வைத்துவிடுங்கள்.

சனிக்கிழமைக்குள் எதுவும் சரியாகவில்லை என்றால் யுபிஐ இருக்கிறதா என்று பாருங்கள். ஊரிலேயே இதே போனில் பதிந்து பயன்படுத்திய யுபிஐ என்றால் பணம் அனுப்ப அது கேட்பது பின் மட்டும்தான், ஓடிபி கேட்காது. வெளிநாட்டு இணைப்பை உங்கள் பேங்க் தடுத்து வைத்திருக்கலாம் என்பதால், வெள்ளிக்கிழமையே மேஸ்திரிக்குப் பத்து ரூபாய் அனுப்பிப் பாருங்கள். அதுவும் போகவில்லை என்றால், உங்கள் கணக்கில் ஏற்கனவே பெனிஃபிஷியரியாக இருக்கும் தம்பிக்கு பேங்க் ஆப்பிலிருந்து அனுப்ப முயன்று பாருங்கள். தெரிந்த கணக்குக்கு அனுப்பச் சில ஆப்கள் பின் மட்டுமே கேட்கும். அவர் எடுத்துக் கூலியாகக் கொடுக்கட்டும்.

ஒரு விஷயத்தைக் கெஞ்சியே கேட்கிறேன். சரி செய்கிறேன் என்று பேங்க் ஆப்பையோ யுபிஐ ஆப்பையோ போனிலிருந்து அழிக்காதீர்கள், மகள் வாங்கித் தந்த புதுப் போனுக்கு மாற்றாதீர்கள், இந்திய சிம்மை உருவி வேறு போனில் போடாதீர்கள். இந்த ஆப்கள் அந்த போனோடும் சிம்மோடும் கட்டப்பட்டவை. மறுபடி பதிவதற்கு அந்த சிம்மிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும். ரோமிங் திறக்காத சிம்மில் அது போகாது, இருந்த ஒரு வழியும் அடைபட்டுவிடும். பெரியம்மா தன் சிம்மை இன்னொரு போனில் போட்டது அவர் நெட்பேங்கிங் மட்டும் பயன்படுத்தியதால்தான்.

கால் ஃபார்வர்டு போட்டால் ஓடிபியும் மகள் நம்பருக்கு வந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். அது கால்களை மட்டும்தான் திருப்பும், எஸ்எம்எஸ்ஸைத் திருப்பாது. மெசேஜைத் தானாகத் திருப்பி அனுப்பும் ஆப்களையும் போடாதீர்கள், உங்கள் எல்லா ஓடிபியையும் முன்பின் தெரியாத ஒருவர் கண்ணில் காட்டுவதற்குச் சமம் அது.

கடைசியாக, உங்கள் ரீசார்ஜ் எத்தனை நாளுக்கு என்று பாருங்கள். மூன்று மாதம் என்று நாம் போட்டுக்கொண்டு வருவது பெரும்பாலும் 84 நாள் பிளான். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு போட்டிருந்தால் நீங்கள் ஊர் திரும்பும் முன்பே முடிந்துவிடும். அதன் பிறகு கொஞ்ச நாளில் வரும் எஸ்எம்எஸ்ஸும் நின்றுவிடும், ரோமிங் பேக் இருந்தாலும் பயன் இருக்காது. முடியும் தேதியைத் தம்பியிடம் சொல்லி, அதற்கு இரண்டு நாள் முன்பே கோத்தகிரியிலிருந்து போட்டுவிடச் சொல்லுங்கள்.