சீருடை சப்ளையரை நிறுத்தும்போது: நோட்டீஸும் மிச்ச ஸ்டாக்கும் – கேள்வி பதில்

பள்ளிகளுக்குக் கொள்முதல் ஒப்பந்தம் எழுதித் தரும் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி (தாளாளர், தனியார் பள்ளி): சட்டைத் துணி ரெண்டு அலசலிலேயே சாயம் போகிறது, சுருங்குகிறது. பெற்றோர் தினமும் வந்து கேட்கிறார்கள். சீருடையை நாங்கள்தான் மொத்தமாக வாங்கிக் கொடுக்கிறோம். ஒப்பந்தம் இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. நாளைக்கே நிறுத்தக் கடிதம் கொடுக்கலாமா?

பதில்: நாளைக்கே வேண்டாம், சார். உங்கள் ஒப்பந்தத்தில் "குறையைச் சரிசெய்ய இத்தனை நாள் அவகாசம்" என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் 15 அல்லது 30 நாள். அதைத் தாண்டி நேராக முறித்தால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்களாகிவிடுவீர்கள்.

முதலில் கையில் சான்று வேண்டும். பெற்றோர் புகாரை மட்டும் வைத்து வாதாட முடியாது. "அவர்கள் ப்ளீச்சில் துவைத்தார்கள்" என்று சப்ளையர் சொல்லிவிடுவார். எனவே இன்னும் விநியோகிக்காத சட்டைகளிலிருந்து, சப்ளையரின் ஆள் முன்னிலையில், ஒரே லாட்டில் மூன்று எடுத்து உறையிலிட்டு இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று அவருக்கு, ஒன்று ஆய்வகத்துக்கு. கோவையில் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒப்பந்தத்தின்போது சீல் வைத்த மாதிரித் துணி இருந்தால் அதையும் கூடவே அனுப்புங்கள். இரண்டையும் ஒப்பிட்டு வரும் அறிக்கைக்குத்தான் பலம்.

ஆய்வகத்துக்கு அனுப்பும் முன் நீங்களே ஒருமுறை பாருங்கள். 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரம் வெட்டி நகைத் தராசில் வையுங்கள். 1.8 கிராம் வந்தால் துணி சதுர மீட்டருக்கு 180 கிராம், அதாவது 180 ஜிஎஸ்எம். பிறகு 50 செ.மீ. அளவுக்கு அழியாத மையால் கோடு போட்டு ஐந்து முறை அலசிக் காயவையுங்கள். ஒப்பந்தத்தில் 3 சதவீதச் சுருக்கம் வரை என்று இருந்தால் 48.5 செ.மீ.க்குக் கீழே போகக்கூடாது. ஈர வெள்ளைத் துணியால் தேய்த்தால் நிறம் ஒட்டுகிறதா என்பதையும் பாருங்கள். சாயம் ஏற்றியபின் சோப்பு அலசல் சரியாக நடக்காவிட்டால், ஒட்டாத சாயம் துணியிலேயே தங்கிவிடும். அதனால் ஒரு லாட் கெட்டும் அடுத்த லாட் நன்றாகவும் இருக்கலாம். இது பின்னால் ஸ்டாக் பிரிக்கும்போது பெரிய விஷயம்.

அறிக்கை கைக்கு வந்ததும் குறை நோட்டீஸ். லாட் எண், சலான் எண், என்ன குறை, எத்தனை உருப்படி, எந்தத் தேதிக்குள் மாற்றித் தர வேண்டும் என்று எழுதி, ஸ்பீடு போஸ்டிலும் மெயிலிலும் அனுப்புங்கள். அவகாசம் முடிந்தும் மாற்றவில்லை என்றால்தான் ஒப்பந்தத்தை முடிக்கும் முடிவு நோட்டீஸ்.

கேள்வி (பள்ளிக் கணக்காளர்): இவ்வளவு எதற்கு? குறை இருக்கிறது, பில்லை நிறுத்திவைத்தால் அவரே இறங்கி வருவார். எங்கள் சப்ளையர் சிறுதொழில் பதிவு வைத்திருக்கிறார், அதனால் என்ன?

பதில்: பாதி சரி. நிராகரித்த சரக்குக்கான தொகையை நிறுத்தலாம். நல்ல சரக்கின் தொகையையும் சேர்த்துப் பிடித்தால்தான் சிக்கல். அவர் பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளராக, அதாவது தானே தைப்பவராக இருந்தால் 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டம் வரும். சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், வந்த நாளே ஏற்ற நாள். அங்கிருந்து 45 நாளைத் தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. வாட்ஸ்அப்பில் "துணி சரியில்லையே அண்ணே" என்று போட்டதை ஆட்சேபமாக நிரூபிப்பது கஷ்டம்.

கேள்வி (ஒரு தாய்): எங்கள் பையனின் அறிவியல் புத்தகத்தில் 16 பக்கம் இல்லை. ஸ்கூலில் சொன்னால் "சப்ளையரோடு ஒப்பந்தம் முடிந்துவிட்டது" என்கிறார்கள். இதுக்கும் நோட்டீஸ் அனுப்பணுமா?

பதில்: வேண்டாம், அம்மா. அது பைண்டிங் குறை. 16 பக்கமாக மடித்த ஒரு தாள், அதாவது ஒரு ஃபாரம், தவறியிருக்கும். பள்ளி–சப்ளையர் ஒப்பந்தம் முடிந்தது உங்களைக் கட்டுப்படுத்தாது. யாருக்குப் பணம் கட்டினீர்களோ அவரிடம் ரசீதோடு போய் மாற்றிக் கேளுங்கள்.

கேள்வி (அதே தாளாளர்): சரி, முடிவு நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டோரில் சட்டை இருக்கிறது, கொஞ்சம் பிள்ளைகள் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர் கடையிலும் ஸ்டாக். இதை எப்படித் தீர்ப்பது?

பதில்: பள்ளிகள் பணத்தை இழப்பது இங்கேதான். நோட்டீஸ் காலம் 60 நாள் என்றால், முதல் வாரத்திலேயே இருதரப்பும் சேர்ந்து லாட் வாரியாக எண்ணி ஒரு பட்டியலில் கையெழுத்துப் போடுங்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். வந்த சட்டை 800, ஒன்று 450 ரூபாய், பில் 3,60,000, இன்னும் கொடுக்கவில்லை. ஸ்டோரில் பிரிக்காமல் 300. பிள்ளைகளுக்குக் கொடுத்தது 500, அதில் 120 திரும்பி வந்தது.

அந்த 300ஐ நேரத்துக்கு எழுத்தில் நிராகரித்திருந்தால் வழக்கமாகப் பிரச்சினை இல்லை. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நீங்கள் வண்டி வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. ஏற்கவில்லை என்று தெரிவித்தால் போதும். சரக்கு விற்பனைச் சட்டத்தின் 43ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. ஆனால் விநியோகித்த சட்டையை 42ஆம் பிரிவுப்படி ஏற்றதாகவே வாதிடுவார்கள். அதற்கு நிராகரிப்பு கிடையாது, நஷ்டஈடோ விலைக் குறைப்போதான். திரும்பி வந்த 120க்கு முழு விலையையும் கேளுங்கள், பேச்சில் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் அது உரிமையாக உங்கள் கையில் இல்லை.

அவர் ஒத்துக்கொண்டால் 300ம் 120ம் சேர்ந்த 420 சட்டைக்கு, பில் தொகையைக் குறைத்து அவர் தரும் கிரெடிட் நோட் 1,89,000 ரூபாய். மீதி 380க்கு ஒன்றுக்கு 60 ரூபாய் குறைத்தால் 22,800. கொடுக்க வேண்டியது 1,48,200. அவர் கடையில் வேறு லாட்டில் தைத்த பேன்ட் 250 ஆய்வில் தேறி நீங்கள் எடுத்துக்கொண்டால், ஒன்று 500 வீதம் 1,25,000. அவர் கட்டிய டெபாசிட் 50,000 திரும்பக் கொடுக்க வேண்டும். மொத்தம் 3,23,200. எல்லாம் வரி சேர்த்த விலை.

வெட்டாத நல்ல துணி இருந்தால் புதுத் தையல்காரர் நேராக எடுத்துக்கொள்ளட்டும், உங்கள் கணக்கில் கலக்காதீர்கள். கட்டம் போட்ட துணி நூலுக்குச் சாயம் ஏற்றி நெய்வது. புதிதாக நெய்யச் சொன்னால் ஜூன் மாதத்துக்கு வராமல் போகலாம்.

கேள்வி (ஈரோடு, சீருடை சப்ளையர்): நான் எதிர்ப்பக்கம். பள்ளி "அடுத்த வருஷம் 1,200 பேர்" என்றதால் 1,100 மீட்டர் கட்டத் துணி நெய்துவைத்தேன். இப்போது நிறுத்திவிட்டார்கள். ஒப்பந்தத்தில் ஸ்டாக் பற்றி ஒரு வரியும் இல்லை. துணியில் குறையும் இல்லை, தையலில்தான் புகார்.

பதில்: உங்களிடம் எழுத்தில் கொள்முதல் ஆணை இருந்தால் நிலைமை வேறு. "1,200 பேர்" என்பது உத்தேசமா, ஆர்டரா என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. மெயிலில் "துணியை நெய்துவையுங்கள்" என்ற ஒரு வரி கிடைத்தாலும் தேடி எடுத்துவையுங்கள். ஆனால் இழப்பைக் குறைக்க நீங்களும் முயன்றிருக்க வேண்டும். அதே கட்டத்தை வேறு பள்ளியோ சில்லறைக் கடையோ எடுக்குமா என்று விசாரித்து, வந்த விலையை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தையல் குறைக்காகத் துணியை மறுக்கலாமா என்பது ஒப்பந்தம் துணியைத் தனியாகப் பிரித்துப் பேசுகிறதா என்பதைப் பொறுத்தது. உங்கள் பிரதியைப் பார்க்காமல் எந்தப் பக்கமும் சொல்ல மாட்டேன்.

கேள்வி (அதே கணக்காளர்): செட்டில்மென்ட் செக் கொடுத்தபின் அவர் வட்டி கேட்டு வந்தால்?

பதில்: செக் கொடுக்கும் முன் ஒரே தாளில் எழுதுங்கள்: எந்தெந்த பில், எந்தக் கிரெடிட் நோட், எண்ணிய ஸ்டாக், டெபாசிட், இறுதித் தொகை, இதற்கு மேல் இருவருக்கும் கோரிக்கை இல்லை. கிரெடிட் நோட் எண்ணையும் தேதியையும் அதிலேயே போடுங்கள், பின்னர் தருகிறேன் என்பதை ஏற்காதீர்கள். ஜிஎஸ்டியில் அவர் வரியைக் குறைத்துக்கொள்ள, சரக்கு கொடுத்த நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30 வரைதான் நேரம். அதைத் தாண்டினால் அந்த வரிச் சுமையையும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்.