பித்தப்பை ஒப்புதல் படிவத்தைக் குடும்பத்தாருக்குப் புரியும்படி மாற்றி எழுதுவது

கேள்வி: பித்தப்பைக் கல்லுக்கான லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சையின் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் திருத்தி எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. ஆபத்து, மாற்று வழி, மறுக்கும் உரிமை ஆகியவை நோயாளியின் வீட்டாருக்குத் தெளிவாகப் புரிய வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

பொது அறுவை மருத்துவராக இதே படிவத்தை நான் ஒரு முறை திருத்தியிருக்கிறேன். எங்கள் பழைய படிவத்தில், "ரத்தப்போக்கு, தொற்று, பித்தநாளக் காயம், மரணம் உள்ளிட்ட சிக்கல்கள் நேரலாம் என்பது எனக்கு விளக்கப்பட்டது, விளைவு எதுவாயினும் மருத்துவமனை பொறுப்பல்ல" என்ற ஒரே வாக்கியம்தான் இருந்தது. பிற்பாதியை முதலில் நீக்கிவிடுங்கள். கவனக்குறைவால் வரும் தீங்குக்கு அந்த வரி எந்தப் பாதுகாப்பும் தராது. படிப்பவரை அச்சுறுத்த மட்டுமே அது பயன்படுகிறது.

முற்பாதியின் குறை எனக்கு ஒரு தாயும் மகனும் வந்தபோதுதான் புரிந்தது. மகன் கையெழுத்திட்டு முடித்திருந்தார். "அம்மாவுக்கு என்ன செய்யப் போகிறோம் என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேட்டேன். "மூன்று சின்ன ஓட்டை போட்டுக் கல்லை மட்டும் எடுத்துவிடுவீர்கள்" என்றார். பித்தப்பையையே எடுக்கிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. தேவைப்பட்டால் வயிற்றைத் திறப்போம் என்பதும் தெரியவில்லை. ஆகவே புதிய விளக்கம் இப்படித் தொடங்கியது: "கல்லை மட்டும் எடுத்தால் மறுபடியும் கல் உருவாகக்கூடும் என்பதால், கல்லோடு பித்தப்பையையும் எடுப்போம். பித்தப்பை இல்லாமலும் ஈரல் பித்தநீரைச் சுரந்து குடலுக்கு அனுப்பும். பெரும்பாலும் நான்கு சிறு துளைகள் போடுவோம். உள்ளே வீக்கமோ ஒட்டுதலோ அதிகமாக இருந்தால், பாதுகாப்புக்காக வலது விலாவுக்குக் கீழே பெரிய வெட்டுப் போட நேரலாம்."

ஆபத்துகளைப் பெயர்ப் பட்டியலாக எழுதினால் தையல் இடத்துச் சீழும் பித்தநாளக் காயமும் ஒரே எடையில் நிற்கும். ஆகையால் அடிக்கடி நேர்வதையும் அரிதாயினும் கடுமையானதையும் பிரித்து, கடுமையானதற்கு ஒரு முழுப் பத்தி கொடுத்தேன். "ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தநீர் கொண்டுபோகும் குழாய், பித்தப்பைக்கு மிக அருகில் இருக்கிறது. ஆயிரம் பேருக்கு அறுவை செய்தால் ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து பேருக்கு அதில் காயம் படலாம். அப்படி நேர்ந்தால் இன்னொரு பெரிய அறுவையும் நீண்ட சிகிச்சையும் தேவைப்படலாம். வீட்டுக்குப் போன பிறகு கண் மஞ்சளானாலோ, காய்ச்சல் வந்தாலோ, வயிறு உப்பி வலி கூடிக்கொண்டே போனாலோ அன்றே வாருங்கள்." உங்கள் மருத்துவமனையிடம் சொந்தக் கணக்கு இருந்தால் அந்த எண்ணையே போடுங்கள். "அரிது" என்ற சொல்லை ஒவ்வொருவரும் ஒவ்வொரு அளவாக எடுத்துக்கொள்வார்கள்.

மாற்று வழி எல்லா நோயாளிக்கும் ஒன்றல்ல. அந்தப் பகுதியை அச்சிட்டு முடித்துவிடாமல், மருத்துவர் கையால் நிரப்ப இடம் விடுங்கள். வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த, வலியே தராத கல்லுக்குப் பெரும்பாலும் அறுவை தேவையில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வலி வந்து போனவருக்கு, "காத்திருக்கலாம், ஆனால் வலி திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். கல் நகர்ந்து குழாயை அடைத்தால் மஞ்சள் காமாலையோ கணைய அழற்சியோ வரலாம்" என்று எழுத வேண்டும். கரைக்கும் மாத்திரை பற்றிக் கேட்காத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. அது சிறிய, சுண்ணாம்பு படியாத கற்களில் மட்டும், அதுவும் பல மாதங்கள் சாப்பிட்டால் பலன் தரலாம் என்றும், கரைந்த பிறகும் பலருக்குக் கல் திரும்ப உருவாகிறது என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுக்கும் உரிமையைக் கையெழுத்துக் கோட்டுக்கு மேலேயே, அதே எழுத்தளவில் வையுங்கள்: "வேண்டாம் என்று சொல்லலாம். கையெழுத்திட்ட பிறகும், மயக்க மருந்து கொடுக்கும் வரை மனம் மாறலாம். மறுத்தாலும் வலிக்கான சிகிச்சையைத் தொடர்ந்து தருவோம். பிறகு விரும்பினால் திரும்பி வரலாம்." இந்தக் கடைசி வாக்கியம் இல்லாவிட்டால், மறுத்தால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்ற அச்சத்திலேயே பலர் சம்மதித்துவிடுகிறார்கள்.

குடும்பத்தாருக்காக எழுதினாலும் முடிவு நோயாளியுடையது என்பதைப் படிவமே சொல்ல வேண்டும். நோயறியும் லேப்ராஸ்கோப்பிக்காக மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு, வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்த வழக்கில், அந்தச் சம்மதம் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, அவரே கண்விழித்துச் சொல்லும் வரை காத்திருந்திருக்கலாம் என்பதே காரணம். ஆகவே "நல்ல நினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளியே கையெழுத்திட வேண்டும், அவர் விரும்பினால் குடும்பத்தார் உடனிருந்து கேட்கலாம்" என்று எழுதினோம். படிக்கத் தெரியாதவருக்கு முழுவதையும் வாசித்துக் காட்டி, மருத்துவமனையைச் சாராத ஒரு சாட்சியின் முன்னிலையில் கைரேகை வாங்குகிறோம்.

அந்தத் தாயிடம் புதிய விளக்கத்தை வாசித்துக் காட்டியபோது, மகன் பேசுவதற்கு முன் அவரே, "பெரிய வெட்டு விழுந்தால் எத்தனை நாள் குனிந்து வேலை செய்யக் கூடாது?" என்று கேட்டார். படிவத்தில் அதற்குப் பதில் இல்லை. மறுநாளே அந்த வரியையும் சேர்த்தோம்.