பழைய லாரி விற்ற பணம், புதிய லாரியின் தவணை, கடன் வட்டி: ரொக்க ஓட்ட அறிக்கையில் எது எங்கே?

*கேள்வி: பிறையில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் நிறுவனம் சிறிய செண்டிரியான் பெர்ஹாட், மலேசியத் தனியார் நிறுவனங்களுக்கான கணக்குத் தரமான எம்.பி.இ.ஆர்.எஸ். முறையில் கணக்கு முடிக்கிறோம். இந்த ஆண்டு பழைய லாரியை 48,000 ரிங்கிட்டுக்கு விற்றோம். ஏட்டு மதிப்பு 30,000. புதிய லாரியை 160,000 ரிங்கிட்டுக்கு ஹயர் பர்ச்சேஸில் எடுத்தோம். ரொக்க ஓட்ட அறிக்கையில் விற்பனையை 48,000 என்று போட்டால் 18,000 இடிக்கிறது. 30,000 என்று மாற்றியதும் சரியாக ஒத்துப்போகிறது. ஆனால் தணிக்கையாளர் திருப்பி அனுப்பிவிட்டார். வட்டி 21,000-ஐ எங்கே காட்டுவது என்பதும் புரியவில்லை. வரைவையும் சோதனை இருப்பையும் அனுப்பியிருக்கிறேன்.*

வரைவின் கூட்டுத்தொகையில் பிழை இல்லை, பிரிவுகளில்தான் இருக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் 65,000 ரிங்கிட்டாக இருந்த ரொக்கமும் வங்கி இருப்பும் ஆண்டு இறுதியில் 107,000 ஆகியிருப்பதால் அறிக்கை 42,000 என்ற உயர்வைக் காட்ட வேண்டும். நீங்கள் இயக்க நடவடிக்கையில் 100,000 வரவும், முதலீட்டு நடவடிக்கையில் 130,000 செலவும், நிதி நடவடிக்கையில் 72,000 வரவும் காட்டி அதே 42,000-ஐ எட்டிவிட்டீர்கள். இருப்புநிலைக் குறிப்பின் ஒவ்வொரு மாற்றத்தையும் ஏதாவது ஒரு பிரிவில் இட்டுவிட்டால் மொத்தம் தானாகவே ஒத்துப்போகும் என்பதால், ஒத்துப்போவது எதுவும் விடுபடவில்லை என்பதற்கு மட்டுமே சான்று. எந்தப் பணம் எந்தப் பிரிவுக்கு உரியது என்பதை அது சொல்லாது. உங்கள் தணிக்கையாளர் பார்த்தது அந்த மூன்று துணைத்தொகைகளைத்தான்.

முதலில் பழைய லாரி. முதலீட்டு நடவடிக்கையில் இடம்பெற வேண்டியது சொத்தை விற்றுக் கைக்கு வந்த பணம். ஏட்டு மதிப்பும் அல்ல, இலாபமும் அல்ல. 48,000 என்று போட்டபோது 18,000 இடித்ததற்குக் காரணம், அந்த விற்பனை இலாபம் வரிக்கு முந்தைய இலாபமான 120,000-க்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதுதான். அறிக்கை அந்த 120,000-இலிருந்து தொடங்குவதால், 18,000-ஐ இயக்க நடவடிக்கையில் கழிக்காமல் விட்டால் அதே பணம் இரண்டு இடங்களில் எண்ணப்படுகிறது. விற்பனையை 30,000 ஆக்கியபோது நீங்கள் அந்த இரட்டிப்பை நீக்கினீர்கள், ஆனால் தவறான முனையில் நீக்கிவிட்டீர்கள். லாரியை விற்று வந்த இலாபம் பெட்டி விற்று வந்த பணமாக மாறிவிட்டது. கழிக்க வேண்டிய இடம் இயக்க நடவடிக்கை. லாரி நட்டத்துக்கு விற்கப்பட்டிருந்தால் அந்த நட்டத்தை அதே இடத்தில் கூட்டியிருக்க வேண்டும்.

இதற்குள் இன்னொரு சிக்கல் இருக்கிறது; வரைவைப் பார்த்தவுடன் தெரியாது. சோதனை இருப்பில் 'இதர வரவேண்டியவை' என்ற தலைப்பின்கீழ், லாரி வாங்கியவர் தர வேண்டிய 8,000 ரிங்கிட் கிடக்கிறது. அதாவது விலை 48,000 என்றாலும் ஆண்டு முடிவதற்குள் வங்கிக்கு வந்தது 40,000 மட்டுமே, ஆகவே முதலீட்டு நடவடிக்கையில் வர வேண்டிய தொகையும் 40,000தான். நீங்களோ வரவேண்டியவற்றின் மொத்த உயர்வான 43,000-ஐ அப்படியே இயக்க நடவடிக்கையில் கழித்திருக்கிறீர்கள். அதில் 35,000 மட்டுமே பெட்டி வாங்கிய வாடிக்கையாளர்களின் பாக்கி. மீதி 8,000 லாரியின் பாக்கி என்பதால் நடைமுறை மூலதன மாற்றத்தில் அது சேரக்கூடாது. அடுத்த ஆண்டு அந்தப் பணம் வரும்போதும் அது முதலீட்டு நடவடிக்கையிலேயே வரவாகும். சொத்து விற்பனை நடந்த ஆண்டில் 'இதர' என்று தொடங்கும் கணக்குகளை வரி வரியாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. நான் பார்க்கும் வரைவுகளில் இந்தப் பிழை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

இனி புதிய லாரி. 160,000-ஐ முதலீட்டுச் செலவாகவும், ஹயர் பர்ச்சேஸ் கடனான 144,000-ஐ நிதி வரவாகவும் காட்டியிருக்கிறீர்கள். ஆனால் அந்த 144,000 உங்கள் நிறுவனத்தின் வங்கிக் கணக்கைத் தொடவே இல்லை. நிதி நிறுவனம் அதை நேரடியாக லாரி விற்பனையாளருக்குச் செலுத்திவிட்டது. ரொக்கம் நகராத பரிவர்த்தனையை ரொக்க ஓட்ட அறிக்கையில் சேர்க்கக்கூடாது என்பதில் எம்.பி.இ.ஆர்.எஸ்.-இன் 7ஆம் பிரிவும், பெரிய நிறுவனங்களுக்கான எம்.எஃப்.ஆர்.எஸ். 107-உம் ஒரே நிலையில் இருக்கின்றன. முதலீட்டு நடவடிக்கையில் வருவது நீங்கள் கட்டிய முன்பணம் 16,000 மட்டும். அதன்பின் மாதந்தோறும் கட்டிய தவணைகளில் அசலுக்குப் போன 22,000 நிதி நடவடிக்கையில் செலவாகிறது. தவணையின் வட்டிப் பகுதியை அசலோடு சேர்க்காமல் பிரித்தெடுக்க வேண்டும். நிதி நிறுவனம் கொடுத்த தவணை அட்டவணையில் அது தனியாக இல்லையென்றால், நீங்கள் வட்டிச் செலவைக் கணக்கிட்ட தாளில் கட்டாயம் இருக்கும்.

இது வெறும் வடிவப் பிரச்சினை அல்ல. உங்கள் வரைவைப் படிக்கும் வங்கி அதிகாரிக்கு, நிறுவனம் இந்த ஆண்டு 144,000 ரிங்கிட் புதுக் கடன் பணம் பெற்று அதைச் செலவிட்டதுபோலத் தோன்றும். உண்மையில் நிறுவனம் கடன் கொடுத்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித்தான் கொடுத்திருக்கிறது. இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தணிக்கையாளர் விட்டுவிட மாட்டார். இதே காரணத்துக்காக, பழைய லாரியை விற்பனையாளரிடமே கொடுத்து அதன் விலையை முன்பணத்தில் கழித்துக்கொள்ளும் நிறுவனங்கள், அந்த விலையை வரவாகவும் செலவாகவும் இருபக்கம் காட்டக்கூடாது. கையிலிருந்து கொடுத்த மிச்சம் மட்டுமே ரொக்க ஓட்டம்.

வட்டிக்கு வருவோம். இதில் எம்.பி.இ.ஆர்.எஸ். உங்களுக்குத் தெரிவு உரிமை தருகிறது: கொடுத்த வட்டியை இயக்க நடவடிக்கையிலும் காட்டலாம், நிதி நடவடிக்கையிலும் காட்டலாம். எங்கே காட்டினாலும் தொகை 21,000 அல்ல, 18,000. இலாப நட்டக் கணக்கில் செலவாக எழுதிய 21,000-இல், இயக்குநர் கொடுத்த கடனுக்கான வட்டி 3,000 ஆண்டு முடிந்த பின்னரே செலுத்தப்பட்டது. அது 'இதர கொடுபட வேண்டியவை' கணக்கில் நிற்கிறது. எனவே முதலில் 21,000-ஐ முழுவதுமாக இலாபத்தோடு கூட்டி நடுநிலையாக்கிவிட்டு, கொடுபட வேண்டியவற்றின் 18,000 உயர்விலிருந்து அந்த 3,000-ஐ விலக்கி 15,000 மட்டும் எடுத்துக்கொண்டு, பின்பு கொடுத்த வட்டி 18,000-ஐத் தனி வரியாகக் கழிக்க வேண்டும். உங்கள் வரைவில் வட்டிக்கான வரியே இல்லை. செலவாக எழுதியதும் பாக்கியாக நிற்பதும் ஒன்றையொன்று ஈடுசெய்ததால் அது இயக்க நடவடிக்கைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் சரியாக அமைந்துவிட்டது. ஆனாலும் கொடுத்த வட்டியைத் தனியாகக் காட்டுவது கட்டாயம்.

இரண்டில் எதைத் தேர்வது? சென்ற ஆண்டு அறிக்கையில் எங்கே இருந்ததோ அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். நிதி நடவடிக்கைக்கு மாற்றினால் இயக்க நடவடிக்கையின் வரவு 18,000 கூடுதலாகத் தெரியும் என்பதற்காக, கடன் விண்ணப்பம் போடும் ஆண்டில் சிலர் இதைச் செய்கிறார்கள். அப்படி மாற்றினால் அது கணக்குக் கொள்கை மாற்றம் என்பதால் காரணத்தைக் குறிப்பில் சொல்வதோடு சென்ற ஆண்டு ஒப்பீட்டுத் தொகையையும் திருத்த வேண்டும். வங்கி அதிகாரி அந்தக் குறிப்பைத்தான் முதலில் படிப்பார். என் கருத்தில், உங்களைப் போன்ற தொழிற்சாலைக்கு இயக்க நடவடிக்கையே பொருத்தம், ஏனெனில் மாதாந்திர வசூலிலிருந்துதான் இந்த வட்டி போகிறது. எம்.எஃப்.ஆர்.எஸ். பின்பற்றும் நிறுவனங்களுக்கு இந்தத் தெரிவு நீடிக்காது. 2027 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ தொடங்கும் நிதியாண்டுகளுக்கு எம்.எஃப்.ஆர்.எஸ். 18 நடைமுறைக்கு வருவதோடு, கடன் கொடுப்பதையோ முதலீட்டையோ முதன்மைத் தொழிலாகக் கொள்ளாத நிறுவனங்கள் கொடுத்த வட்டியை நிதி நடவடிக்கையில்தான் காட்ட வேண்டும். எம்.பி.இ.ஆர்.எஸ். முறையில் இருக்கும்வரை அது உங்களைக் கட்டுப்படுத்தாது.

திருத்திய கணக்கு இப்படி வரும். வரிக்கு முந்தைய இலாபம் 120,000-உடன் தேய்மானம் 40,000-ஐயும் வட்டிச் செலவு 21,000-ஐயும் கூட்டி, லாரி விற்பனை இலாபம் 18,000-ஐக் கழித்தால் 163,000. வாடிக்கையாளர் பாக்கி 35,000 உயர்ந்ததையும் சரக்கிருப்பு 10,000 உயர்ந்ததையும் கழித்து, கொள்முதல் பாக்கி 15,000 உயர்ந்ததைக் கூட்டினால் 133,000. இதிலிருந்து கொடுத்த வட்டி 18,000-உம் சிபி204 தவணைகளாகக் கட்டிய வரி 25,000-உம் போக இயக்க நடவடிக்கையில் 90,000 நிற்கிறது. முதலீட்டு நடவடிக்கையில் பழைய லாரிக்கு வந்த 40,000-இலிருந்து புதிய லாரியின் முன்பணம் 16,000 போக 24,000 வரவு. நிதி நடவடிக்கையில் ஹயர் பர்ச்சேஸ் அசல் 22,000, வங்கிக் கடன் அசல் 50,000, ஆக 72,000 செலவு. மூன்றும் சேர்ந்து அதே 42,000.

இந்த முறை மொத்தத்தைப் பார்த்து நிறுத்திவிடாமல், முதலீட்டு, நிதி நடவடிக்கைகளின் ஒவ்வொரு வரிக்கும் வங்கி அறிக்கையில் அதற்குரிய பதிவுகளைத் தேடிப் பாருங்கள். 40,000 வரவாக இருக்கும். 16,000 செலவாக இருக்கும். இரண்டு கடன்களின் மாதக் கட்டணங்களும் இருக்கும், அவற்றிலிருந்து வட்டியைப் பிரித்தால் 22,000-உம் 50,000-உம் கிடைக்கும். 30,000-ஐயும் 144,000-ஐயும் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. வங்கி அறிக்கையில் தடயமே இல்லாத தொகை இந்த இரண்டு பிரிவுகளில் நின்றால், அது பெரும்பாலும் இருப்புநிலைக் குறிப்பிலிருந்து நேராக எடுத்து ஒட்டியதாகவே இருக்கும். இயக்க நடவடிக்கைக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அங்கே இலாபத்திலிருந்து பின்னோக்கிப் போவதால் தேய்மானம் போன்ற வரிகளுக்கு வங்கிப் பதிவு இருக்காது.

அறிக்கையிலிருந்து நீக்கிய 144,000-ஐ முற்றாக மறைத்துவிடவும் கூடாது. சொத்துக்கள் பற்றிய குறிப்பின் அடியில் இப்படி ஒரு வாக்கியம் சேர்த்தால் தணிக்கையாளர் ஏற்றுக்கொள்வார்: "நிதியாண்டில் நிறுவனம் 160,000 ரிங்கிட் மதிப்புள்ள வாகனத்தை வாங்கியது; இதில் 144,000 ரிங்கிட் ஹயர் பர்ச்சேஸ் வழியாகவும் 16,000 ரிங்கிட் ரொக்கமாகவும் செலுத்தப்பட்டது."