சிறு சேதத்துக்கு கிளைம் போடலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: குன்னூரில் ஒரு கொண்டை ஊசி வளைவில் என் கார் தடுப்புச் சுவரில் உரசியது. பம்பர் 5,000, டிங்கரிங் 3,000, பெயிண்டிங் 4,000 என மொத்தம் 12,000 ரூபாய் ஆகுமாம். இப்போது 35 சதவீத நோ கிளைம் போனஸ் இருக்கிறது. அடுத்த மாதப் புதுப்பித்தலுக்கு, தள்ளுபடிக்கு முந்தைய சொந்தச் சேதப் பிரீமியம் 8,000 ரூபாய். கிளைம் போடலாமா?

பதில்: வேண்டாம். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் நிறுவனம் எவ்வளவு தரும் என்று பாருங்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்தின் விலையில் பாதியைத் தேய்மானமாகக் கழிப்பார்கள் என்பதால், பம்பரில் 2,500 போகும். பெயிண்டிங் பில்லில் கால் பங்கைப் பொருள் விலையாகக் கொண்டு அதில் பாதியைக் கழிப்பதால் இன்னொரு 500 போகும். 1,500 சி.சி. வரையிலான காருக்கு ஒவ்வொரு கிளைமிலும் உரிமையாளர் ஏற்க வேண்டிய கட்டாயத் தொகை 1,000. ஆக, உங்கள் கைக்கு வருவது 8,000 ரூபாய்.

இழப்பதைப் பெரும்பாலோர் அடுத்த ஓராண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். பிழை அங்கேதான் நேர்கிறது. கிளைம் இல்லையென்றால் உங்கள் போனஸ் அடுத்த மாதம் 45 ஆகி, மறு ஆண்டு முதல் 50 சதவீதத்தில் நிற்கும். கிளைம் போட்டால் அது பூஜ்யத்துக்கு இறங்கி, பிறகு 20, 25, 35, 45 என்று படிப்படியாக ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முறையே 45, 30, 25, 15, 5. கூட்டினால், ஐந்து ஆண்டுகளில் ஒரு முழு ஆண்டுப் பிரீமியத்தின் 120 சதவீதம். காரின் மதிப்பு ஆண்டுதோறும் குறையக் குறையப் பிரீமியமும் இறங்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இழப்பு ஏறத்தாழ 8,500 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 10,000. எட்டாயிரம் வாங்கப் பத்தாயிரம் கொடுப்பீர்கள்.

தேய்மானமில்லாத ‘ஜீரோ டெப்’ பாலிசியாக இருந்தால் 11,000 கிடைக்கும், கணக்கும் மாறும். போனஸைக் காக்கும் தனிச் சேர்ப்பை ஏற்கெனவே வாங்கியிருந்தாலும், காரையே விட்டுவிட்டு இனி வண்டி வாங்கப் போவதில்லை என்றாலும் தயங்காமல் கிளைம் போடலாம். போனஸ் ஏதும் சேராத முதலாண்டுக்காரருக்கு இழப்பு ஓராண்டுப் பிரீமியத்தில் பாதிதான். அவருக்கு இதே பில்லுக்குக் கிளைம் போடுவதே லாபம்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பில்லை நீட்டும்போதே “இன்சூரன்ஸில் போட்டுக்கொள்ளலாம், உங்கள் கைக்காசு போகாது” என்று சொல்லும் ஒர்க் ஷாப் ஊழியர்களை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். மலைப்பாதையில் உரசல் நேராத வண்டி அரிது என்பதால் இந்தச் சொல்லுக்கு இங்கே ஏமாறுகிறவர்களும் அதிகம். அந்தக் கைக்காசு அடுத்த ஐந்து ஆண்டுகளில் தவணையாகப் போகிறது என்பதை அவர் சொல்வதில்லை. பில் பெருத்தால் அவருக்கு நட்டமுமில்லை. போனஸ் சொந்தச் சேதப் பிரீமியத்துக்கு மட்டுமே உரியது, மூன்றாம் நபர் பிரீமியத்துக்கு இல்லை என்பதால், பாலிசித் தாளில் சொந்தச் சேதப் பிரீமியம் எவ்வளவு என்ற ஒரு வரியைத் தேடிப் பார்த்த பிறகே எந்தப் படிவத்திலும் கையெழுத்திடுங்கள்.

கேள்வி: ஆடி மழையில் மரம் விழுந்து ஏற்கெனவே ஒரு கிளைம் வாங்கிவிட்டேன். அதே பாலிசி ஆண்டில் இப்போது கதவு நசுங்கியிருக்கிறது. பில் 9,000.

பதில்: போனஸ் ஏற்கெனவே போய்விட்டது; கிளைம் போடுங்கள்.

கேள்வி: உதகை சந்தையிலும் பள்ளி வாசலிலும் வெவ்வேறு நாட்களில் பட்ட கீறல்களை ஒரே விபத்தாகக் காட்டினால் கட்டாயக் கழிவு ஒருமுறைதானே?

பதில்: அது பொய்க் கிளைம். பழைய கீறலில் அழுக்கும் துருவும் ஏறியிருக்கும், சர்வேயர் பார்த்ததும் பிரித்துவிடுவார். அவ்வப்போது தெரிவிக்காமல் விட்டுவிட்டு இப்போது வழி கேட்பதில் பயனில்லை.

கேள்வி: கோத்தகிரியில் பழைய கார் வாங்கினேன். வண்டியோடு 50 சதவீத போனஸும் வரும் என்று தரகர் சொல்லி, அவரே பாலிசியும் போட்டுத் தந்தார். இப்போது கிளைமை நிராகரித்துவிட்டார்கள்.

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். என் பழைய ஜீப்பையும் இதே வாக்குறுதியோடுதான் ஒருவர் என் தலையில் கட்டினார். போனஸ் உரிமையாளருக்கு உரியது. விற்றவர் அதைத் தம் அடுத்த வண்டிக்குக் கொண்டு போவார், வண்டியோடு உங்களுக்கு வராது. பாலிசி விண்ணப்பத்தின் நகலைக் கேட்டு வாங்கி, போனஸ் உறுதிமொழியில் கையெழுத்து யாருடையது என்று பாருங்கள். முந்தைய நிறுவனத்திடம் போனஸை எழுத்தில் உறுதி செய்து கொண்டார்களா என்று கேட்டு, உங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். முழுத் தொகையும் கிடைக்கும் என்று என்னால் உறுதி தர இயலாது. ஆனால் தரகர் எழுத்தில் ஏதாவது தந்திருந்தால், ஒரு வாட்ஸாப் செய்தியாக இருந்தாலும், அழித்துவிடாதீர்கள். அவர்மீது நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடர அது உதவும்.