கதவிடுக்கிலும் பல்லிடுக்கிலும் சிக்கும் கேபிள்கள்: சிங்கப்பூர் வாசகர்களின் கேள்வி பதில்

உட்லண்ட்ஸ்: வரவேற்பறையில் இணைய வேகம் 900 எம்பிபிஎஸ். கேபிள் இழுத்த என் அறையில் 94-ஐத் தாண்டுவதே இல்லை. ரவுட்டர் பழுதா?

ரவுட்டர்மேல் பழி போடாதீர்கள். அந்த 94 என்ற எண்ணே கேபிளைக் காட்டிக்கொடுக்கிறது. லேன் கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கின்றன. 1,000-க்கு நான்கும் வேண்டும். 100-க்கு இரண்டே போதும். நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ அறுந்தால் பெரும்பாலும் இணைப்பு போகாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும்.

தோ பாயோவில் என் அக்கா வீட்டிலும் இதே கதைதான். மேலுறையில் கீறல்கூட இல்லை. கதவுக் கீலருகே விரலால் தடவியபோது ஓரிடம் மட்டும் நாடாபோல் தட்டையாக இருந்தது. கதவைத் திறந்துவைத்து, வேறொரு கேபிளைத் தரையில் போட்டு இணைத்தோம். வேகம் 900-க்கு ஏறியது. நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள்.

புதுக் கேபிளைக் கதவின் அடியில், கீல் இருக்கும் மூலையையொட்டிக் கொண்டுபோங்கள். அங்கே கதவு நகரும் தூரம் குறைவு, உராய்வும் குறைவு. ஆனால் கதவை மெதுவாக மூடித் திறந்து பாருங்கள். கேபிளைத் தொட்டால் அந்த வழி வேண்டாம்.

ஈசூன்: கீல் பக்க இடைவெளிதான் பாதுகாப்பு. பத்து வருடமாக என் கேபிள் அங்கேதான் இருக்கிறது.

கதவு திறந்திருக்கும்போது நீங்கள் சொல்வது சரி. மூடும்போது அதே இடைவெளி கத்தரிக்கோல்போல் நெருங்குகிறது.

ஈசூன்: நான் அந்தக் கதவை மூடுவதே இல்லை.

அப்படியானால் கேபிள் பிழைத்ததற்குக் காரணம் கீல் அல்ல, திறந்த கதவு. காற்று ஒருநாள் அறைந்து சாத்தினால்?

ஈசூன்: கதவடியில் போட்டால் கால் தடுக்குமே!

அது நியாயமான கவலை. தரையோடு ஒட்டும் கேபிள் மூடி போடலாம். கதவடியில் அதற்கு இடமில்லாத வீடுகளும் உண்டு.

பிடோக்: பூனை வளர்க்கிறோம். கைப்பேசி சார்ஜர் கேபிளைக் கடிக்கிறது. ஷாக் அடிக்குமா?

கைப்பேசிக்குப் போகும் மெல்லிய கேபிளில் மின்னழுத்தம் குறைவு. என் பயமெல்லாம் மடிக்கணினியின் சுவர்ப் பக்கக் கம்பியைப் பற்றித்தான். அதில் ஓடுவது 230 வோல்ட். வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சை அணையுங்கள். கம்பியைத் தொங்கவிடாமல் மேசைக்காலின் பின்புறம் கட்டுங்கள். கடிபட்ட கம்பிக்கு டேப் சுற்றாதீர்கள், மாற்றுங்கள்.

தெம்பனிஸ்: என் அறையில் 95 வருகிறது. எந்த ரவுட்டர் வாங்கலாம்?

முதல் பதிலைப் படியுங்கள். கதவைப் பாருங்கள்.

ஜூரோங்: பொய்க்கூரைக்குள் எலி கடித்த விளக்குக் கம்பிக்கு டேப் சுற்றிவிட்டேன். போதுமல்லவா?

போதவே போதாது! அந்த விளக்கின் மின்சாரத்தை மின்பெட்டியில் துண்டித்துவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். எலியின் முன்பல் வளர்ந்துகொண்டே இருக்கும். ஒரு கம்பியோடு நிற்காது. எலி புகும் வழியா என்று குளிர்சாதனக் குழாய் சுவருக்குள் நுழையும் ஓட்டையைப் பாருங்கள். நுரை அடைப்பானைக் கொறித்துவிடும். எஃகுக் கம்பிச்சுருளைத் திணித்து, மேலே சிமெண்ட் பூசுங்கள்.