கூச்சல் தொடங்கும் இடம்

கேள்வி: வேலைக்குப் புதிது. அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் பீரியடில் ஒரே கூச்சல். அடிக்கக் கூடாது, திட்டினாலும் பத்து நிமிடம்தான் அடங்குகிறார்கள். என்னதான் செய்வது?

பதில்:

யார் சத்தம் போடுகிறார்கள் என்பதை விட்டுவிட்டு, சத்தம் எந்த நேரத்தில் கிளம்புகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். பாடக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் நேரமும், அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதும் ஒரு வரி இருந்தால் போதும். ஈரோடு பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் கணக்கு எடுத்தே தலை நரைத்தவன் நான். அந்தப் பக்கத்தில் என்ன இருக்கும் என்று இப்போதே ஓரளவு சொல்லிவிடலாம்: நீங்கள் உள்ளே வந்த புதிதில், நோட்டு திருப்பிக் கொடுக்கும்போது, போர்டு பக்கம் திரும்பி எழுதும்போது, ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கும்போது. கணக்கு மும்முரமாக ஓடும்போது கிளம்பிய சத்தம் குறைவாகவே இருக்கும்.

ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்பறைகளை வீடியோ எடுத்து ஆராய்ந்து 1970இல் வெளியிட்ட முடிவும் இதையொட்டித்தான் இருந்தது. தப்பு நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதை வைத்து ஒழுங்கான வகுப்பையும் கலைந்த வகுப்பையும் அவரால் பிரிக்க முடியவில்லை. கண்டிப்பு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வேறுபாடு அதற்கு முன்னால் இருந்தது: ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு வகுப்பைத் தொய்வில்லாமல் நகர்த்துவதிலும், எல்லா மூலையும் ஆசிரியர் கண்ணில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிவதிலும்.

உங்கள் மதிய பீரியடையே எடுத்துக்கொள்வோம். வகுப்பில் 38 பேர் என்று வையுங்கள். மணி அடித்து, பிள்ளைகள் தட்டைக் கழுவிவிட்டு ஈரக் கையோடு ஓடி வருகிறார்கள். நீங்கள் நோட்டுக் கட்டோடு நுழைந்து, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கொடுக்கிறீர்கள். கடைசி பென்ச்சிலிருந்து ஒருவன் எழுந்து வந்து வாங்கிக்கொண்டு போக எட்டு, ஒன்பது விநாடி ஆகும். 38 பேருக்கும் சேர்த்தால் ஐந்தரை நிமிடம். அவ்வளவு நேரமும் ஒருவனுக்கு மட்டும்தான் வேலை, மீதி 37 பேர் சும்மா இருக்கிறார்கள். மூன்றாவது பென்ச்சில் ஒரு பேனா பிடுங்கப்படுகிறது. “சார், இவன் என்ற பேனாவப் புடுங்கறானுங்க சார்!” நீங்கள் அதட்டுகிறீர்கள். எல்லாத் தலையும் அங்கே திரும்புகிறது. அந்த வேடிக்கை முடிந்து பாடம் தொடங்க இன்னும் ஐந்து நிமிடம் போய்விடும்.

இதை இப்படி மாற்றுங்கள். திருத்தும்போதே நோட்டுகளை வரிசைவாரியாக அடுக்கிக்கொள்ளுங்கள். சாப்பாட்டு இடைவேளை முடியும் முன்பே ஒவ்வொரு வரிசையின் முதல் பென்ச்சிலும் அந்தந்தக் கட்டை வைத்துவிட்டு, போர்டில் இரண்டு கணக்கு எழுதிவிடுங்கள். நேற்று நடத்தியதில், யாரையும் கேட்காமல் போடக்கூடிய கணக்காக இருக்க வேண்டும். அது முக்கியம். கஷ்டமான கணக்கு கொடுத்தால் பாதிப் பேர் பக்கத்தில் கேட்பார்கள், மறுபடியும் சத்தம். அப்புறம் வாசலில் நில்லுங்கள். உள்ளே வருகிறவர்களிடம் “போர்டுல கணக்கு இருக்குது கண்ணு, நோட்ட வாங்கிப் போடு” என்றால் போதும். முதல் பென்ச்சுக்காரர் தன் நோட்டை எடுத்துக்கொண்டு மீதியைப் பின்னால் தள்ளுவார். கட்டு கடைசி பென்ச்சுக்குப் போய்ச் சேர ஒரு நிமிடம் கூட ஆகாது.

இது முதல் நாளே நடந்துவிடாது. கட்டைப் பின்னால் தள்ளுவதையும் சொல்லித்தர வேண்டும், ஒரு கணக்கைச் சொல்லித்தருவது போலவே: செய்து காட்டி, செய்யவைத்து, சரியில்லை என்றால் கட்டைத் திரும்ப வாங்கி இன்னொரு முறை. முதல் இரண்டு வாரம் இதற்குப் போகும் நேரத்தைக் கண்டு பதறாதீர்கள். காலாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் முடிந்து வரும்போது பாதி மறந்திருப்பார்கள். அந்த முதல் நாள் மறுபடியும் பழக்கிவிடுங்கள்.

அடுத்தது, வேலை சொல்லும் முறை. “ஜாமெட்ரி பாக்ஸை எடுங்க, இன்னைக்கு நாற்கரம் வரையப் போறோம், முதல்ல மூலைவிட்டம்…” என்று தொடங்கினால், ‘எடுங்க’ என்றதுமே 38 தகர டப்பாவும் திறக்கும். அதற்குப் பின் நீங்கள் சொன்னது எதுவும் யார் காதிலும் விழாது. பிறகு ஒவ்வொருவராக “என்னங்க சார் செய்யோணும்?” என்று கேட்பார்கள், உங்களுக்குக் கோபம் வரும். வரிசையை மாற்றிச் சொல்லுங்கள். என்ன வரையப் போகிறோம், எத்தனை நிமிடம், முடித்தவர்கள் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று முதலில் சொல்லிவிட்டு, ஒருவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ‘இப்ப எடுங்க’ என்பது கடைசிச் சொல்லாக வரட்டும். முடித்தவர்களுக்கு அடுத்த வேலை சொல்லாமல் விட்டால் வேகமாகப் போடுகிற நாலு பேர்தான் முதலில் கலாட்டா செய்வார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளால் வகுப்பு கலைவது பெரும்பாலும் இப்படித்தான்.

கேள்வி கேட்பதும் அதேதான். பெயரைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டால் மற்ற 37 பேருக்கும் விடுதலை. கேள்வியைக் கேளுங்கள், மனசுக்குள் மூன்று எண்ணுங்கள், அப்புறம் பெயர் சொல்லுங்கள்.

போர்டில் எழுதும்போது முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நின்று பழகுங்கள். ஒரு வரி எழுதினால் ஒரு பார்வை. குசுகுசுப்பு கேட்டால் பாடத்தை நிறுத்தாமல் அந்த பென்ச் அருகில் போய் நின்று மேலே நடத்துங்கள். பெரும்பாலும் அதுவே போதும். இங்கே இரண்டு விதமாகத் தவறலாம் என்று கூனினே சொல்கிறார். ஆளை மாற்றிப் பிடிப்பது ஒன்று: பேனாவைப் பிடுங்கியவன் தப்பித்துக் கத்தியவன் மாட்டிக்கொள்வான். மூன்று பென்ச்சுக்குப் பரவிய பிறகு பிடிப்பது இன்னொன்று. இரண்டிலும், உங்களுக்கு விஷயம் தெரியவில்லை என்பது வகுப்புக்குத் தெரிந்துவிடும்.

நம் பள்ளிகளில் வகுப்பு லீடர், பேசுபவர் பெயரைப் போர்டில் எழுதும் வழக்கம் இருக்கிறதே, அதை நிறுத்திவிடுவது நல்லது என்பது என் கருத்து. பெயர் எழுதுவதே ஒரு கலாட்டா ஆகிவிடுகிறது. லீடருக்கு வேண்டாதவன் பெயர் முதலில் ஏறும், அழிக்கச் சொல்லிச் சண்டை வரும், நீங்கள் உள்ளே வரும்போது பாடத்துக்கு முன் ஒரு பஞ்சாயத்து காத்திருக்கும். நீங்கள் வரத் தாமதமானால் போர்டில் கணக்கு எழுதும் பொறுப்பை லீடரிடம் கொடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஓரிருவர் அடங்காமல் இருப்பார்கள். அது மேலே சொன்னவற்றால் தீராது. தனியாகக் கூப்பிட்டு விசாரியுங்கள். போர்டு தெரியாமல் பக்கத்து நோட்டைப் பார்க்கிறவன் இருப்பான், அவனுக்குக் கண் பரிசோதனை வேண்டும். தமிழையே எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்குப் புத்தகக் கணக்கு புரியாது, அவனுக்கு வேறு கணக்கு வேண்டும். விடியும் முன் எழுந்து பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வருகிறவனுக்குச் சாப்பாட்டுக்குப் பின் கண் சொக்கும். இவர்களை நிற்க வைப்பதாலோ எல்லோர் முன்னும் ஏசுவதாலோ எதுவும் மாறாது. உடல் தண்டனையோடு மன ரீதியான துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு தடை செய்கிறது.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் ஒன்றாக ஆரம்பிக்க வேண்டாம். நோட்டுக் கட்டையும் போர்டுக் கணக்கையும் மட்டும் தொடங்குங்கள். இரண்டு வாரம் கழித்துக் கடைசிப் பக்கக் குறிப்பை மறுபடியும் எடுத்து, முதல் பத்து நிமிடத்தில் எத்தனை வரி குறைந்திருக்கிறது என்று பாருங்கள். குறையவில்லை என்றால், நீங்கள் கொடுக்கும் அந்த இரண்டு கணக்கும் அவர்களுக்குக் கஷ்டமாக இருக்கிறதா என்று முதலில் சந்தேகப்படுங்கள்.